அப்பா பெயர் கேட்கும் நூர்முகமது

1954-இல் மாமல்லபுரம் டிஸ்பென்சரிக்கு நான் டாக்டர், நூர்முகமது கம்பவுண்டர். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். யார் வந்தாலும் முதலில், "நைனா பேரு இன்னா?" என்பார். பதிவேட்டில் அப்படியொரு கட்டமே கிடையாது. "ஜாதகம் எழுதப் போகிறீரா?" என்று கேலி செய்வேன். சிரித்துக்கொள்வார்.

ஒரு நண்பகல் அப்துல் சுபஹான் வீட்டுக் கல்யாணத்தில் இறாலை ஒரு கை பார்த்தேன். கால் மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, நமைச்சல். மேலுதடு மூக்கை எட்டிப் பார்த்தது. டிஸ்பென்சரிக்கு ஓடினேன்.

"அட்ரினலின் ஊசி போடும், சீக்கிரம்!"

இருந்தது ஒரே ஒரு சி.சி. ஆம்பூல். அடுத்தது வரத் திங்கட்கிழமை ஆகும். நூர்முகமது அலமாரியைத் திறக்கவில்லை.

"நைனா பேரு இன்னா சார்?"

"யோவ், சாகப்போகிறேன்! முத்துசாமி! போதுமா?"

"கடற்கரை வரிக்கும் கேக்குது. மூச்சு இழுக்குதா? முழுங்க முடிலியா? வாந்தி, தலை சுத்தல்?"

எதுவுமில்லை. சற்று ஏமாற்றமாகவே இருந்தது. நாடி பிடித்தார்.

"தோலோட நிக்கிது சார். ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை முழுங்கிட்டு என் கண்ணெதிர்லயே குந்துங்க. ஏதாச்சும் மாறுச்சின்னா அப்பவே ஊசி."

எம்.பி.பி.எஸ். படித்தவன், பெஞ்சில் குந்தினேன்.

பத்து நிமிடத்தில் எல்லம்மாள் நடந்தே வந்தாள். அதே கல்யாண வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள், அதே இறால். கழுத்தில் நாலைந்து தடிப்பு, அவ்வளவுதான். 'இவளுக்கு என்னில் பத்தில் ஒரு பங்கு' என்று என் படிப்பு கணக்குப் போட்டது.

"நைனா பேரு இன்னா எல்லம்மா?"

"கரு..." குரல் கரகரத்து நின்றது. "ரெண்டு வாட்டி வாந்தி அண்ணாத்த... தொண்டை அடைக்குது..." அப்படியே சரிந்தாள். நாடி நூலாக ஓடியது.

அலமாரி அப்போதுதான் திறந்தது. கீழே படுக்கவைத்துக் காலை உயர்த்தினோம். அரை சி.சி. தொடைத் தசையில் ஏறியது. ஏற்றிய கை என்னுடையது. அதிலும் தடிப்பு. ஐந்து நிமிடத்தில், "கருப்பன்" என்றாள்.

"தேறிவிட்டாளே" என்றேன்.

"மறுபடியும் வரும் சார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போயே ஆவணும்."

மீன் லாரியில் அவளைப் படுக்கவைத்துக் கிளம்பினோம். மீதி அரை சி.சி. நூர்முகமதின் சிரிஞ்சில். எனக்குப் பாதி கொடுத்திருக்கலாமே என்று முதல் மூன்று மைல் நினைத்துக்கொண்டிருந்தேன். மைலுக்கு ஒருமுறை எங்கள் இருவரிடமும் அப்பா பெயர் கேட்டார். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் கருப்பன் மறுபடி 'கரு' ஆனார். அந்த மீதியும் அவளுக்கே போயிற்று. அதன்பின் நான் எதுவும் நினைக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சருடன் ஓடிவந்து, என் முகத்தைப் பார்த்ததும் என் தோளைப் பிடித்துப் படுக்கவைத்தார்கள்.

"அவரு டாக்டரு. எறக்குங்க. பேஷன்ட் அந்தம்மா" என்றார் நூர்முகமது.

இறங்கினேன். எல்லம்மாளை உள்ளே கொண்டுபோனார்கள். டூட்டி டாக்டர் நோட்டைத் திறப்பதற்குள் அவளே தெளிவாகச் சொன்னாள்: "நைனா பேரு கருப்பன்."