கடிதத்தில் நான் வைத்த தீ

காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்காரர்களை ஒடுக்க வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலத்தில் நான் தெமியாங்கில் ஒரு தையற்கடைக்கு மேலே அலுவலகம் வைத்திருந்தேன். அலுவலகம் என்றால் ஒரு மேசை, ஒரு டைப்ரைட்டர், கதவில் ஒரு பலகை. தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் கம்பெனி தன் ஆளை அனுப்பி நஷ்டத்தை மதிப்பிடும். சொத்து எரிந்தவர் பக்கம் நின்று மதிப்பிடவும் பேசவும் ஓர் ஆள் வேண்டுமானால், என் மாடிப்படி ஏற வேண்டும். அந்தப் படிகள் அதிகம் தேயவில்லை.

அப்படி ஏறி வந்தவர்களில் ஒருவர், பகாவ் பக்கம் சிறிய ரப்பர் தோட்டம் வைத்திருந்த முதலாளி. நான் முன்பு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் என்பதால், பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அவருக்கு நான் கிராணிதான். ரப்பர் ஷீட்டுகளை விறகுப் புகையில் காயவைக்கும் அவருடைய புகைக்கூடம், உள்ளே தொங்கிய ஷீட்டுகளோடு ஒரே இரவில் எரிந்துபோயிருந்தது. மரத்தைக் கீறிப் பால் எடுத்தும் காயவைக்க இடமில்லை. பக்கத்துத் தோட்டத்தில் இரவல் இடம் கேட்டுக்கொண்டிருந்தார். இன்சூரன்ஸ் பணம் வராவிட்டால் புதிய புகைக்கூடம் கிடையாது என்றார்.

யார் கொளுத்தினார்கள் என்று கேட்டேன். காட்டுக்காரர்கள்தான், வேறு யார் என்றார். அந்த நாட்களில் கோழி காணாமல்போனாலும் அவர்கள்தான்.

நான் உடனே வேலை ஒப்புதல் கடிதத்தை டைப் அடித்தேன். எனக்குப் பெருமையான கடிதம் அது. முதலில் என் வேலை: நஷ்டத்தைப் பட்டியலிடுவது, கோரிக்கை தயாரிப்பது, கம்பெனியோடு பேசுவது. அடுத்து கட்டணம்: கிடைக்கும் தொகையில் நூற்றுக்கு ஐந்து, கிடைக்காவிட்டால் பஸ் செலவு மட்டும். பிறகு கடமைகள். இல்லாத நஷ்டத்தை நான் சேர்க்கமாட்டேன், முடிவுக்கு உத்தரவாதம் தரமாட்டேன். முதலாளி எரிந்ததை அப்படியே விட்டுவைக்க வேண்டும், தெரிந்த உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். தலைப்பில் அழகாக இருக்கட்டுமென்று, 'பயங்கரவாதிகள் வைத்த தீயினால் ஏற்பட்ட நஷ்டம் குறித்து' என்று சேர்த்தேன். இருவரும் கையெழுத்திட்டோம்.

மறுநாள் பஸ்ஸில் தோட்டத்துக்குப் போனேன். தொழிலாளர்கள் குடியிருந்த லயன்களைச் சுற்றி முள்வேலி, கேட்டில் காவல். எரிந்த புகைக்கூடம் வேலிக்கு வெளியே. விறகு போடுகிறவரைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். அவர் சொன்னார்:

"ஆறு மணிக்குக் கேட்டு பூட்டிருவாங்கய்யா. ராத்திரிக்கு விறகு தள்ள யாரு போறது? சாயந்திரமே ராவுக்கும் சேத்து அடுக்கிட்டு வந்துருவேன். அன்னைக்கு மழை, ஷீட்டெல்லாம் ஈரம். எப்பவும் வைக்கிறதுக்கு ரெண்டு பங்கா அடுக்கினேன். அதான் பத்திக்கிச்சு."

முதலாளிக்குச் சொன்னால் வேலை போய்விடுமோ என்று வாய்திறக்காமல் இருந்திருக்கிறார். போலீஸும் வந்து பார்த்து, காரணம் தெரியவில்லை என்றே எழுதியிருந்தது.

அன்று மாலைதான் முதலாளியின் இன்சூரன்ஸ் பத்திரத்தை ஒழுங்காகப் படித்தேன். கையெழுத்து வாங்குவதற்கு முன்பே படித்திருக்க வேண்டும். கலகம், கிளர்ச்சியால் வரும் தீக்குப் பணம் கிடையாது என்று மூன்றாம் பக்கத்தில் தெளிவாக இருந்தது. ஆளின் கவனக்குறைவால் வந்த தீக்கு அப்படி ஒரு தடையும் இல்லை. கம்பெனி ஆள் முதலில் கேட்பது, முதலாளிக்காகப் பேச எனக்கு அதிகாரம் தரும் அந்த ஒப்புதல் கடிதத்தைத்தான். அதன் தலைப்பிலேயே நான் என் கட்சிக்காரரைக் கவிழ்த்திருந்தேன்.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விறகுக்காரர் மேல் அவருக்குக் கோபம் வந்தது. என்மேல் அதைவிட அதிகமாக.

"நெருப்பு நம்ம ஆளாலன்னு நானே எழுதிக் குடுத்தா, அவன் பணம் குடுப்பானா கிராணி? சிரிப்பான்லா."

"அந்த மாதிரி தப்புக்கும் சேத்துத்தான் இன்சூரன்ஸ், முதலாளி. காட்டுக்காரனுக்குத்தான் கிடையாது. மூணாம் பக்கம் படிங்க."

படித்தார். என்னையும் மேலும் கீழும் படித்தார். பிறகு, அந்த விறகுக்காரரை விரட்டினால் சாட்சி சொல்ல ஆளில்லை என்று தாமே ஒரு முடிவுக்கு வந்தார். புதிய கடிதத்தில் 'தீயினால் ஏற்பட்ட நஷ்டம்' என்று மட்டும் இருந்தது. பழையதைக் கிழித்துவிடலாமா என்று கேட்டார். உண்மையை மறைக்காதே என்று அவருக்கு எழுதிக் கொடுத்தவன் நான். கிழிக்க முடியவில்லை. இரண்டையும் கம்பெனி ஆளிடம் நீட்டி, முதலாவது விசாரிக்காமல் நான் எழுதியது என்றேன்.

அவர் பழையதைப் பலமுறை படித்தார். அப்படியானால் ஊரடங்கினால் வந்த தீதானே, அதுவும் கிளர்ச்சியின் விளைவுதானே என்று மடக்கிப் பார்த்தார். ஊரடங்கு தினமும் இருந்தது, விறகு இரண்டு பங்கானது அன்று மட்டும்தான் என்றேன். அரைகுறையாக எரிந்த விறகு அடுப்பு வாயிலேயே நெருக்கியடித்துக் கிடந்ததைக் காட்டினேன். எதையும் அசைக்காமல் விட்டுவைத்த கடமை அங்கே உதவியது. விறகுக்காரரும் வந்து அதையே அவரிடம் சொன்னார்.

இரண்டு மாதத்தில் பணம் வந்தது. புதிய புகைக்கூடத்தை முதலாளி வேலிக்கு உள்ளேயே கட்டினார். விறகுக்காரர் இரவிலும் எழுந்துபோய்க் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள முடிந்தது. லயன் முழுக்கப் புகை நாற்றம் என்று எல்லோரும் திட்டினார்கள். முதலாளியின் சட்டையிலும் அதே நாற்றம். அந்தச் சட்டையோடுதான், கோலா பிலாவில் கடை எரிந்த ஒருவரை என் மாடிக்கு அழைத்து வந்தார்.

"இவரு தன் முட்டாள்தனத்தையே எழுத்துல வெச்சிருக்காரு. நம்பலாம்," என்றார்.

வந்தவர் கடிதத்தைப் படிக்காமலே பேனாவை எடுத்தார். பேனாவைப் பிடுங்கிக்கொண்டு, அவருடைய இன்சூரன்ஸ் பத்திரத்தை முதலில் கேட்டேன்.