செவ்வாய்க்கிழமைப் பக்கம்

லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் அவருக்கு நிமிஷம் என்று பெயர். பத்து மணிக்கு என்று எழுதமாட்டார், 10.07 என்றுதான் எழுதுவார். வேலைப் புத்தகத்தில் தொடங்கும்போது ஒரு நேரம், முடிக்கும்போது ஒரு நேரம். பத்தொன்பது வருஷப் பழக்கம். "என்கிட்ட பேசுன நேரத்தையும் குறிச்சு வெச்சுக்கோங்க, பின்னாடி இல்லேன்னு சொல்வீங்க" என்று மனைவி கேலி செய்வாள்.

அந்தப் புத்தகம்தான் கூட வேலை பார்க்கும் நெட்டையின் வேலைக்கு உலை வைத்தது. வெள்ளிக்கிழமை ஒரு குடியிருப்பின் இரண்டாம் லிஃப்ட் தளத்துக்கு நாலு விரற்கடை கீழே போய் நின்றது. வெளியே வந்த ஒரு டீச்சர் இடறி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். திறந்து பார்த்தால் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. செவ்வாயன்று நிமிஷத்தின் புத்தகத்தில் "10.10 – 11.00, இரண்டாம் லிஃப்ட், பிரேக் உட்பட எல்லாம் சரி" என்று இருந்தது. வியாழனன்று கதவு சென்சாரைப் பார்க்கப் போனவன் நெட்டை. அவன்தான் எதையோ நோண்டிவிட்டான் என்று சூப்பர்வைசர் முடிவு கட்டி, அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை விசாரணை. அதோடு வேலை போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிறன்று நெட்டை வீடு தேடி வந்தான்.

"அண்ணே, பிரேக் இருக்குற மெஷின் ரூமுக்கே நான் போகல. கதவோட வேலை முடிஞ்சுது, வந்துட்டேன்."

"நான் செவ்வாய்க்கிழமை பாத்தேன்டா. எழுதியிருக்கேன்ல."

"நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும்." அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னான். அதுதான் நிமிஷத்துக்கு என்னமோ போலிருந்தது.

அவன் போன பிறகு புத்தகத்தை எடுத்தார். திங்கள்: 9.13, 9.51, 11.38. புதன்: 8.56, 10.22. செவ்வாய் மட்டும் 10.10, 11.00, 11.30, 2.15, 4.00. எல்லாம் பூஜ்யத்திலும் ஐந்திலும் முடிந்தன. கையெழுத்தும் ஒரே மூச்சில் ஓடியிருந்தது. அன்றைக்கு ஓட்டமும் நடையுமாக இருந்ததால் சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்துதான் நாள் முழுவதையும் எழுதினார் என்பது அப்போதுதான் உறைத்தது.

போனை எடுத்து அந்தத் தேதியைத் தேடினார். 10.29க்கு சூப்பர்வைசரின் அழைப்பு: வேறொரு கட்டடத்தில் லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறார், உடனே போங்க. குடியிருப்பின் காவலாளியைக் கூப்பிட்டு மெஷின் ரூம் சாவிப் பதிவைப் படிக்கச் சொன்னார்.

"செவ்வாய் 10.10க்கு எடுத்திருக்கீங்க, 10.31க்கு திருப்பிக் குடுத்திருக்கீங்க."

"அப்புறம் திரும்ப எடுத்தேனா?"

"இல்லயே சார். வியாழக்கிழமையும் யாரும் சாவி வாங்கல."

இருபத்தொரு நிமிஷம். அதில் கயிறுகளைப் பார்த்திருக்கலாம், கண்ட்ரோல் பெட்டியைத் துடைத்திருக்கலாம். பிரேக்கை அவர் எப்போதும் கடைசியில்தான் பார்ப்பார். பார்த்த ஞாபகம் பளிச்சென்று இருந்தது. ஆனால் அது போன தடவை முதல் லிஃப்டில் பார்த்த ஞாபகம். பொய் சொல்ல அவர் நினைக்கவே இல்லை. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாகக் கை தானாக எழுதிவிட்டது. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

செவ்வாய் வரியின் குறுக்கே ஒற்றைக் கோடு போட்டார், அடியில் இருப்பது படிக்கத் தெரியும்படி. பக்கத்தில் "10.10 – 10.31. பிரேக் பார்க்கவில்லை" என்று எழுதி, ஞாயிற்றுக்கிழமைத் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு வருஷத்தின் முதல் பக்கத்துக்குப் போய் ஒவ்வொரு நாளாகப் புரட்ட ஆரம்பித்தார்.

திங்கள் காலை விசாரணை தொடங்குமுன் புத்தகத்தைச் சூப்பர்வைசரின் மேஜையில் வைத்தார். அவர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இத உங்ககிட்ட யாரும் கேக்கலயே."

"நெட்டை மெஷின் ரூமுக்குப் போகல சார். தப்பு என்னோடது. சாயங்காலம் பஸ்ல உக்காந்து மொத்தமா எழுதிட்டேன்."

சூப்பர்வைசர் புத்தகத்தை மறுபடி திறந்தார். "உங்க புத்தகத்த நம்பித்தான் நான் எல்லா லிஃப்டுக்கும் கையெழுத்துப் போட்டுட்டு இருக்கேன். இந்த மாதிரி சாயங்காலம் எழுதுன நாள் வேற இருக்கா?"

நிமிஷம் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார்.

"இந்த வருஷத்துல மட்டும் இருபத்தாறு நாள் சார். எந்தெந்தக் கட்டடம்னு எழுதியிருக்கேன். எதுல பிரேக் பாத்தேன், எதுல பாக்கலன்னு எனக்குத் தெரியல."

சூப்பர்வைசர் போனை எடுத்து நெட்டையைக் கூப்பிட்டார். "கெளம்பி வா. விசாரணைக்கு இல்ல, வேலைக்கு. இருபத்தாறு நாளு அவர் வேலை பாத்த எடத்துல எல்லாம் பிரேக் பாக்கணும்."

"நானும் போறேன் சார்," என்றார் நிமிஷம்.

"நீங்க வேணாம்," என்றார் சூப்பர்வைசர்.