பாட்ரீசியாவின் பதிவு ஒப்புதலுக்குப் போனது

என் மனைவி பாட்ரீசியா இன்சூரன்ஸ் ஏஜெண்ட். புக்கிட் ரம்பாயில் எங்கள் தாமான் குடியிருப்பைச் சுற்றி இருக்கிற தொழிற்சாலை ஆட்கள்தான் அவளுடைய வாடிக்கையாளர்கள். பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறாள். கார் பின்சீட்டில் எப்போதும் ஒரு கட்டு விண்ணப்பப் பாரம், ஒரு குடை, ஒரு டின் பிஸ்கட். அவள் பேசினால் எனக்குக் காது வலிக்கும். ஆனால் யாருக்காவது ஆஸ்பத்திரியில் கிளெய்ம் சிக்கிக்கொண்டால், அது முடிகிறவரை அவளுக்குத் தூக்கம் வராது, எனக்கும் வர விடமாட்டாள்.

ஜூன் முதல் வாரத்தில் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். அக்டோபர் கடைசியோடு ஒரு பிரிவு மூடப்படும், நூற்றுச் சொச்சம் பேருக்கு வேலை இல்லை. வேலை போனால் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கம்பெனி கொடுத்த மெடிக்கல் கார்டும் அன்றோடு போய்விடும். சொந்தமாகப் புது கார்டு எடுத்தாலோ, சாதாரண நோய்களுக்கு முப்பது நாள் காத்திருக்க வேண்டும். பித்தப்பைக் கல், குடலிறக்கம், ரத்தக்கொதிப்பு, சர்க்கரை என்று ஒரு பட்டியல் உண்டு, அதற்கெல்லாம் நூற்று இருபது நாள். ஆகவே ஜூன் மாதத்திலேயே எடுத்துவிட்டால் அக்டோபருக்குள் காத்திருப்பு முடிந்துவிடும், நடுவில் ஒரு நாள்கூட ஓட்டை விழாது. இதைத் தமிழில் பளிச்சென்று எழுதி ஃபேஸ்புக்கில் போட வேண்டும் என்று பாட்ரீசியா துடித்தாள்.

அந்த ஞாயிறு சர்ச் முடிந்ததும் சூசன் எங்கள் காரருகே வந்தாள். அந்தத் தொழிற்சாலையில்தான் பதினைந்து வருடமாக மெஷின் ஆப்பரேட்டர். கணவன் இல்லை, தனியாள்.

"அக்கா, கம்பெனி கார்டு அக்டோபரோட போயிரும்லா. நான் சொந்தமா ஒண்ணு எடுக்கணும். எது எடுக்கலாம்?"

"ஒரு நாலு நாள் பொறுமா. போஸ்ட் ஒண்ணு போடப் போறேன், எல்லாம் தெளிவா இருக்கும். அதைப் படிச்சிட்டு எனக்கு போன் பண்ணு."

எனக்கு அப்போது அது தப்பாகவே படவில்லை. காரணம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் வாட்சாப் ஸ்டேட்டஸில் 'எந்த நோய் வந்தாலும் கிளெய்ம் நிச்சயம்' என்று போட்டு, இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவள் இவள். அந்தக் கடிதம் நியாயமானதுதான், நிச்சயம் என்று எவனாலும் சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு, ஒப்புதல் இல்லாமல் வாயைத் திறக்கவே பயந்தாள்.

ஆகவே ஒழுங்காக எழுதி, அலோர் காஜாவில் இருக்கும் அவளுடைய ஏஜென்சித் தலைவர் அம்பிகைபாகன் சாரிடம் கொண்டு போனாள். அவர் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் கம்பெனியில் விளம்பரங்களைச் சரிபார்க்கும் இணக்கப் பிரிவுக்கு அனுப்ப முடியும். அவர் அன்றே கையெழுத்திட்டார், பதிவு கோலாலம்பூருக்குப் போனது. ஐந்து வேலை நாளில் பதில் வரும் என்றார்கள்.

ஆறாவது நாள் திரும்பி வந்தது. ஏஜெண்ட் பதிவு எண் இல்லை. கம்பெனி திவாலானால் பணம் தரும் காப்பீட்டுப் பாதுகாப்பு நிறுவனம் பற்றிய வரி இல்லை. 'முழுப் பாதுகாப்பு' என்று சொல்லக்கூடாது. 'வேலை போகும் முன்' என்பது பயமுறுத்துகிறது, எடு. தொழிற்சாலையின் பெயரை அனுமதியில்லாமல் போடாதே. இதெல்லாம் சரிதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தி அனுப்பினாள்.

இரண்டாவது தடவை வந்த குறிப்புதான் எனக்கு ரத்தத்தைக் கொதிக்க வைத்தது. தமிழில் இருப்பதால் இங்கே படிக்க ஆள் இல்லை, வரிக்கு வரி ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்கவும். அட, அதை முதல் தடவையே சொல்லித் தொலைக்கக்கூடாதா? முதல் தடவை எதைப் படித்துத் திருத்தினீர்கள்? விசாரித்தால், அப்போது ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்தாராம், இப்போது பிரசவ விடுப்பாம். பாட்ரீசியா உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினாள், அம்பிகைபாகன் சார் மறுபடி கையெழுத்திட்டார், ஐந்து நாள் மறுபடி முதலிலிருந்து.

மூன்றாவது தடவை, அவள் பதிவின் உயிர்நாடியில் கை வைத்தார்கள். 'இன்று எடுத்தால் இந்த நோய்களுக்கு நூற்று இருபது நாள் கழித்துத்தான் பாதுகாப்பு. அதனால் தள்ளிப்போடாதீர்கள்' என்பது ஏஜெண்டின் சொந்த வாசகமாம். கம்பெனியின் தயாரிப்பு விவரத் தாளில் உள்ளபடியே இருக்க வேண்டுமாம். அந்தத் தாளில் அது நாலு வரி, மூச்சு விடாமல் படிக்கவேண்டிய வரி.

"நான் உண்மையத்தான எழுதியிருக்கேன், சார்! பொய் எழுதினா வெட்டட்டும்," என்று அம்பிகைபாகன் சாரிடம் போனில் கத்தினாள்.

"தெரியும், அம்மா. ஆனா உண்மையும் அவங்க சொல்ற மாதிரிதான் சொல்லணும். நாளைக்கு ஒரு கேஸ் வந்தா அந்த வரியத்தான் எடுத்து வைப்பாங்க. பேசாம மாத்திடுங்க."

மாற்றினாள். ஜூலை ஏழாம் தேதி ஒப்புதல் வந்தது, எண்ணும் காலாவதித் தேதியும் போட்டு. ஒரு எழுத்து மாற்றினாலும் மறுபடி அனுப்பவேண்டும் என்ற குறிப்போடு. அன்றே போட்டாள். சூசன் அன்று மாலையே போன் செய்தாள். பாரம் நிரப்பி, ஜூலை பதினான்காம் தேதி பாலிசி நடைமுறைக்கு வந்தது.

சில நாள் கழித்து அம்பிகைபாகன் சார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, போஸ்ட்டைப் பார்த்து சூசன் பாலிசி எடுத்ததை பாட்ரீசியா சொல்ல, அவள் ஜூனிலேயே வந்து கேட்ட கதையும் வந்தது. அவர் காப்பியைக் கீழே வைத்தார்.

"ஜூன்லயே உங்ககிட்ட நேர்ல வந்து கேட்டாங்களா? ஏன்மா பாரம் எழுதலை? போஸ்ட்டுக்குத்தான் ஒப்புதல். ஆள் வந்து கேட்டா, தேவைய விசாரிச்சு, விவரத் தாளைக் கையில குடுத்து விளக்கிச் சொல்லலாம். அதுக்கு யார்கிட்டயும் கேட்க வேணாமே."

அவர் போன பிறகு பாட்ரீசியா நாள்காட்டியை எடுத்து வைத்து எண்ணினாள். ஜூலை பதினான்கிலிருந்து நூற்று இருபது நாள், நவம்பர் பதினொன்று. கம்பெனி கார்டு அக்டோபர் முப்பத்தொன்றோடு முடிகிறது. நடுவில் பதினோரு நாள். "பதினோரு நாள்ல என்ன ஆயிடப்போகுது" என்று நான்தான் சமாதானம் சொன்னேன். சொன்ன என் வாயை இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் ஆறாம் தேதி சூசனுக்கு வயிற்றில் வலி. ஸ்கேனில் பித்தப்பைக் கல். புது கார்டு செல்லாது. காத்திருப்புக் காலத்தில் தெரிந்த நோய் என்பதால் நவம்பர் பதினொன்று தாண்டினாலும் இந்தக் கல்லுக்கு மட்டும் செல்லாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் வலியை அடக்கி, ஆபரேஷனுக்கு நான்கு மாதம் கழித்து ஒரு தேதி கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததில், மெர்லிமாவில் அவளுக்குக் கிடைத்திருந்த புது வேலையில் சேரவேண்டிய நாளும் தவறிப் போனது.

நாங்கள் வார்டுக்குப் போனோம். சூசன் தலையணையில் சாய்ந்து, போனில் அந்தப் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இங்க நாலு வரி போட்டிருக்குல. நூற்று இருபது நாள்னு. நான் சரியா படிக்கலையோ?"

பாட்ரீசியா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பதினோரு வருடத்தில் ஒரு வாடிக்கையாளர் முன்னால் அவள் பேசத் தடுமாறி நான் பார்த்தது அன்றுதான்.

"நீ சரியாத்தான் படிச்ச, சூசன். ஜூன் மாசமே நீ என்கிட்ட கேட்ட. நான்தான் உன்னைப் படிக்கச் சொல்லி அனுப்பிட்டேன்."