சென்னைக்காரனாக இருந்த மூன்று மாதம்

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்த கையோடு நான் சென்னைக்காரன் ஆகிவிட்டேன். ஆள் இருந்தது என்னவோ கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில், அப்பாவின் நெல் வயலோரம்தான். வேலை தேடும் இணையதளத்தில் மட்டும் என் ஊர் சென்னை. பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரியில் "நாளைய தலைவன், புதுமை விரும்பி, கனவுகளைத் துரத்துபவன்" என்று ஆங்கிலத்தில் அளந்திருந்தேன். அறிமுகம் அதைவிட மோசம். "சிறு வயது முதலே" என்று ஆரம்பித்து ஒரு பக்கம் ஓடியது.

மூன்று மாதம் ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த நடவுக்குள் வேலை கிடைக்காவிட்டால் வயலில் இறங்கு என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்குச் சேறு என்றாலே ஆகாது. பயந்துபோனேன்.

கூடப் படித்தவன் ஒருவன் மீஞ்சூரில், கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் அலுவலகத்தில் இருந்தான். அவனிடம் போய்ப் புலம்பினேன். அவன் தன் கம்ப்யூட்டரில் "குவாலிட்டி, வெர்னியர், கும்மிடிப்பூண்டி" என்று தட்டினான். வந்த பட்டியலில் கடைசி செமஸ்டர் வரை அரியர் எழுதிய எங்கள் வகுப்பு மகாராஜாகூட இருந்தான். நான் இல்லை. வயிறு எரிந்தது.

"தலைவன் வேணும்னு எவன்டா தேடுறான்? இன்னா வேலை தெரியும்னு போடு. அப்புறம் இன்னாத்துக்குடா சென்னை? அங்கேர்ந்து வர்றவன் ரயில்ல அலைஞ்சிகினு கொஞ்ச நாள்ல நின்னுடுறான். பக்கத்து ஊரு பசங்களாத்தான் கேக்கறாங்க" என்றான்.

அங்கேயே உட்கார்ந்து மாற்றினோம். தலைப்பில்: மெக்கானிக்கல் பட்டதாரி, தர ஆய்வு, வெர்னியர், மைக்ரோமீட்டர், கும்மிடிப்பூண்டி. அறிமுகம் நாலே வரி. ஒரு வார்ப்பட ஆலையில் ஒரு மாதம் பயிற்சி எடுத்தது, அங்கே இந்தக் கருவிகளால் வார்ப்புகளை அளந்து பிழை குறித்தது, எந்த ஷிஃப்டுக்கும் பைக்கில் கால் மணி நேரத்தில் வந்துவிடுவேன் என்பது, உடனே சேரத் தயார் என்பது. எல்லாம் உண்மை. என்னைப் பற்றிய உண்மை இவ்வளவு சின்னதா என்று கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

பத்தே நாளில் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கூப்பிட்டது. எச்.ஆர். மேடம் ஒரு இரும்புத் துண்டையும் வெர்னியரையும் நீட்டி அளக்கச் சொன்னார். அளந்தேன். தலையாட்டிவிட்டு, ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டு மாதம் முன்பு நான் அதே கம்பெனிக்கு அனுப்பிய பழைய விண்ணப்பம். மேலே சிவப்பு மையில் "சென்னை, வேண்டாம்" என்று எழுதியிருந்தது. ஃபோட்டோவில் அதே சட்டை வேறு.

"இந்த நாளைய தலைவனைத் தெரியுமா உனக்கு?"

வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். வாய் மட்டும் அடங்கவில்லை.

"தெரியும் மேடம். பந்தா பார்ட்டி. ஆறு மணி ஷிஃப்டுக்கெல்லாம் வர மாட்டான்."

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தத் தாளைக் கிழித்தார்.

"திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்கு கேட்டாண்ட நில்லு. அவனைக் கூட்டினு வராத."