டொக்டர் எழுதிய துண்டு

கல்முனைக்குடி நெசவுப் பட்டறையில் சுலைஹா நெடுங்காலமாக நூலுக்குச் சாயம் போட்டாள். கூட வேலை செய்த றமீஸா ஒருநாள் முதலாளியிடம் டொக்டரின் துண்டைக் கொடுத்தாள்.

"நான் புள்ளத்தாச்சி, காக்கா. சாயம், கோஸ்டிக் சோடா ஒண்டும் கிட்ட வேணாமாம். வேற வேல தாங்க."

அவர் வாசித்துவிட்டு, அதே சம்பளத்துக்கு நூல் சுற்ற அனுப்பினார்.

சுலைஹாவுக்கு வயிறு எரிந்தது. அவளுக்கு இரண்டு தடவை கரு கலைந்திருந்தது. அப்போதெல்லாம் இந்தச் சாயத் தொட்டியடியில்தான் நின்றாள். இப்படிக் கேட்கலாமென்று யாரும் சொல்லவில்லை.

வேலை விட்டதும் றமீஸாவை மறித்தாள்.

"எந்த டொக்டரிட்டப் போன?"

"ஏன் ராத்தா?"

"எனக்கும் நாள் தள்ளியிருக்கு" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அந்தக் கிழமையே சுலைஹாவும் துண்டு கொண்டுவந்து நூல் சுற்றப் போனாள். ஆனாலும் றமீஸா முந்திக்கொண்டது அவளுக்குப் பொறுக்கவில்லை.