சுத்தமான குடல்

போர்க்காலத்தில் தென்னக்கும்புர பாலத்துச் சோதனைச் சாவடியில் பேருந்தை மறித்து எல்லோரையும் இறக்குவார்கள். அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நிற்க வேண்டும். குண்டசாலையிலிருந்து கண்டிக்குக் கணக்குப் படிப்பிக்கப் போகும் எனக்கு அந்த வரிசைதான் பெரிய கண்டம். அட்டையில் யாழ்ப்பாணத்தில் பிறந்ததாக இருக்கும். முகமோ வியர்த்து வழியும், நிலைகொள்ளாமல் காலை மாற்றி மாற்றி வைப்பேன். பார்க்கிறவனுக்கு வேறென்ன தோன்றும்?

ஒருநாள் பொறுக்க முடியாமல் வரிசையை விட்டு ஓடியே விட்டேன். துவக்கை நீட்டிக்கொண்டு ஒரு சிப்பாய் துரத்தி வந்தான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "படே அமாருய்" என்றேன். வயிறு சரியில்லை என்று அர்த்தம். அங்கே பொறுப்பாக இருந்த நரைத்த சார்ஜன் அவனைத் தடுத்து, மண்மூட்டைகளுக்குப் பின்னாலிருந்த தங்களுடைய கக்கூசைக் காட்டினார். அதன்பிறகு நான் இறங்கியதுமே அவர் கை அந்தப் பக்கம் நீளும். இராணுவத்தின் கக்கூசுக்கு வாடிக்கைக்காரியான யாழ்ப்பாணத்துப் பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தண்ணீராகத்தான் போகும். இரத்தம் கிடையாது. நித்திரையிலும் எழுப்பிவிடும். மாதக்கணக்கில் பாணும் சோறும் மாற்றிப் பார்த்தும் பயனில்லை.

வங்கியில் வேலை பார்த்த என் கணவர் வைத்தியம் படிக்காமலே தீர்ப்புச் சொன்னார்.

"உமக்குப் பயம். வேலையை விட்டுட்டு வாரும், கனடாவுக்கு அக்காவிட்டப் போவம்."

"எனக்கு ஒரு பயமும் இல்லை. வயித்திலதான் வருத்தம்."

குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது, ஒன்றுமில்லையென்றால் நான் வாயை மூடிக்கொண்டு கனடாவுக்குப் போவது என்று முடிவாயிற்று. என் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிற வருடம், எனக்குப் பதிலாகக் கணக்குப் படிப்பிக்க ஆளுமில்லை. குடலில் ஏதாவது இருக்க வேண்டுமென்று கடவுளை வேண்டிய பைத்தியம் நான்.

தனியார் மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்த வைத்தியர், குடல் மிகச் சுத்தம் என்றார். என் கணவருக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். மனைவியின் குடல் எவ்வளவு சுத்தம் என்பதைப் பக்கத்து வீட்டுக்கும் வங்கிக்கும் சொல்லிவிட்டு, கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்க என்னைக் கூப்பிட்டார். நான் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கிருந்த வைத்தியர் பக்கத்து ஊரான மடவளையைச் சேர்ந்த பெண். நான் சொன்னதை இடைமறிக்காமல் கேட்டார்.

"ராத்திரியிலயும் எழுப்புதா, டீச்சர்? பயத்தால வாறது பெரும்பாலும் தூக்கத்துல எழுப்பாது. வேற என்ன குளிசை குடிக்கிறீங்க?"

முழங்கால் நோவுக்கு நெடுநாளாகக் குடித்துவந்த குளிசையைச் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

"குழாய் விட்டப்ப சதை கிள்ளி எடுத்தாங்களா?"

"சுத்தமான குடலை ஏன் கிள்ளுறது?" என்று என் கணவர் முந்திக்கொண்டார்.

"சுத்தமா தெரியிறதாலதான் சேர் கிள்ளணும். இந்த வருத்தம் கண்ணுக்குத் தெரியாது. குடல்ல பல இடத்துல கிள்ளி எடுத்து, மைக்கிராஸ்கோப்புல பார்க்கணும்."

மறுபடியும் குழாய். அதற்கு முதல் நாள் மறுபடியும் பேதி மருந்து. ஓயாமல் போய்க்கொண்டிருந்தவளுக்குப் பேதி மருந்து கொடுத்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? கிள்ளியது நோகவில்லை. முடிவு வந்த அன்று வைத்தியர் விளக்கினார். குடலின் உட்தோலுக்கு அடியில் நூலளவாக இருக்க வேண்டிய நார்ப்படலம் எனக்குத் தடித்த பட்டியாகக் கிடந்ததாம். புற்றுநோயுமல்ல, தொற்றுமல்ல.

"அப்ப பயம் இல்லையோ?" என்று என் கணவர் கேட்டார்.

"பயம் இப்பிடித் தடிக்காது சேர்."

அந்த வைத்தியரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. முழங்கால் குளிசையை நிறுத்தினார். குடலிலேயே பெரும்பாலும் வேலை செய்யும் ஒரு மருந்தைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்கச் சொன்னார். திரும்பவும் வரக்கூடும், வந்தால் பார்க்கலாம் என்றார். சில கிழமைகளில் வயிறு அடங்கியது. கனடாப் பேச்சும் அதோடு அடங்கியது.

சுகமானபின் முதல் தடவையாகப் பாலத்தில் இறங்கினேன். சார்ஜன் வழக்கம்போலக் கையை நீட்டினார். நான் மிடுக்காகத் தலையை ஆட்டிவிட்டு வரிசையில் நின்றேன். வயிறு சத்தமில்லாமல் கிடந்தது. எனக்கு முன்னால் நின்ற தமிழ்ப் பொடியனை வரிசையிலிருந்து தனியாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். இத்தனை மாதமும் கக்கூசுக்குள் இருந்ததால் அந்த வரிசையை நான் முழுதாகப் பார்த்ததே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. சரியான பயம்.

"வரிசையில நிண்டீரோ? எப்பிடி?" என்று பின்னேரம் என் கணவர் கேட்டார்.

"ஒண்டுமில்லை. சும்மா நிண்டன்."

அடுத்த நாள் பாலத்தில் இறங்கியதும் நேரே சார்ஜனிடம் போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "படே அமாருய்" என்றேன். அவர் பாவப்பட்டுக் கையை நீட்டினார். உள்ளே போய்க் கதவைச் சாத்தி, பேருந்து கோர்ன் அடிக்கும்வரை சும்மா நின்றேன்.