போக்குவரத்துச் செலவு

ஜொகூர் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு ஸ்டோர் கிராணி, அதாவது குமாஸ்தா வேலைக்கான நேர்முகத் தேர்வு. ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜெண்ட் ஒருவர், நம்மவர்தான், எங்கள் வட்டாரமான கோல சிலாங்கூருக்கே வந்து, விண்ணப்பித்திருந்த எங்கள் சான்றிதழ்களைப் பார்த்தார். எண்பதுகளின் நடுவில் வேலை கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. பஸ் செலவைத் தொழிற்சாலை ஏற்கும், டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று அவர் சொன்னார். அழைப்புக் கடிதத்தின் அடியிலும் அதைத் தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டிருந்தார்.

அசாம் ஜாவாவுக்கு உள்ளே இருந்த எங்கள் தோட்டத்திலிருந்து அவ்வளவு தூரம் பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப அப்பாவுக்கு மனமில்லை. அண்ணன் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். ஜொகூர் பாருவில் சித்தி வீட்டில் தங்கி, மறுநாள் காலை தேர்வுக்குப் போய்விட்டுத் திரும்பினோம். வேலை கிடைக்கவில்லை. அதில் எனக்கு வருத்தம்தானே தவிர யார்மேலும் குறையில்லை.

என் டிக்கெட்டுகளுக்கு மட்டும் போக வர நாற்பத்தொரு வெள்ளி. அண்ணன் செலவை நாங்கள் கேட்கவில்லை. டிக்கெட்டுகளைக் கடைத்தெருவில் ஃபோட்டோஸ்டேட் எடுத்து வைத்துக்கொண்டு, அசலை ஏஜெண்டின் கிள்ளான் அலுவலகத்துக்கு அனுப்பினேன். பள்ளியில் கற்றுக்கொடுத்த முறைப்படி ஆங்கிலத்தில் எழுதினேன். வாய்ப்புக்கு நன்றி, தங்கள் வசதிப்படி அனுப்பிவைத்தால் மிகவும் கடமைப்பட்டிருப்பேன் என்றெல்லாம். பதில் இல்லை. மூன்று மாதத்தில் மூன்று கடிதம் எழுதினேன். ஒவ்வொன்றிலும் பணிவு கூடிக்கொண்டே போனது. மூன்றாவதில் தொந்தரவுக்கு மன்னிப்பும் கேட்டிருந்தேன். டெலிபோன் செய்தபோது, பாஸ் வெளியே போயிருக்கிறார் என்று ஒரு பெண் சொன்னாள்.

கடைசியில் தொழிற்சாலையின் ஆள்சேர்ப்புப் பிரிவுக்கே எழுதினேன். டிக்கெட் நகலையும் அழைப்புக் கடிதத்தின் நகலையும் வைத்தேன். பத்து நாளில் பதில் வந்தது. உங்களுக்கான தொகையை ஏஜெண்ட் மூலம் ஏற்கனவே கொடுத்துவிட்டோம், நீங்கள் கையெழுத்திட்ட வவுச்சரின் நகல் இத்துடன் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள்.

வவுச்சரில் பஸ் கட்டணம் நாற்பத்தொன்று, ஹோட்டல் அறை ஓர் இரவுக்கு நாற்பத்தைந்து என்று இருந்தது. அடியில் என் பெயர் வளைத்து வளைத்து எழுதப்பட்டிருந்தது, ஓர் எழுத்துப் பிழையோடு.

பணத்தைவிட அந்த ஹோட்டல்தான் என்னை அருவருக்க வைத்தது. முன்பின் பார்த்திராத ஏதோ ஓர் அறையில் என் பெயர் ஓர் இரவு தங்கியிருக்கிறது. தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் யார் கண்ணிலாவது அந்தத் தாள் பட்டால் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அப்பாவிடம் காட்டவில்லை. அண்ணன் படித்துவிட்டு மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார்.

கிள்ளானில் மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் ஏஜெண்ட் எங்களைக் கண்டு அதிரவே இல்லை. மேசையில் வறுத்த மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் நகலை நீட்டினேன். அதைப் பார்த்துக்கொண்டே மென்றார்.

"இதுக்குப் போயி ஜொகூருக்கு எழுதுவாங்களா தங்கச்சி? எங்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்பேன் லா."

"மூணு கடிதம் போட்டேன் சார்."

"ஆமா, பாத்தேன். நல்லா எழுதுறீங்க."

அந்தக் கையெழுத்தைப் பற்றிக் கேட்டேன். எல்லா ஏஜெண்டும் செய்வதுதான், பத்துப் பேருக்கு ஒன்றாகக் கணக்கு அனுப்பும்போது ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்க முடியுமா என்றார். மற்ற ஒன்பது பேருக்கும் கொடுத்துவிட்டாரா என்று அண்ணன் கேட்டார். அவர் மீத் தட்டைத் தள்ளிவைத்தார். எண்ணெய் விரலோடு சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை உருவி என்முன் வைத்துவிட்டு, ஒரு தாளைத் தள்ளினார். முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், புகார் எதுவும் இல்லை என்று அதில் இருந்தது. ஹோட்டலும் இருந்தது.

"நான் ஹோட்டல்ல தங்கல சார். அந்த வரியையும் புகார் வரியையும் அடிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்."

அவர் தோளைக் குலுக்கினார். இரண்டு வரியையும் அடித்து, நாற்பத்தொன்று என்று எழுத்தால் எழுதிக் கையெழுத்திட்டேன். நோட்டுகளில் மீ வாடை வீசியது. எழுந்தபோது என் வாய் தானாக, "தேங்க்யூ சார்" என்றது.

மாடிப்படி இறங்கும்போதுதான் அந்தத் தேங்க்யூ என் காதில் விழுந்தது. அவர்மேல் வந்த அருவருப்பு அப்போது என் பக்கம் திரும்பியது. திருடியவனிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிய கையை எங்கே கழுவுவது என்று தெரியவில்லை. அண்ணன் ஏதோ சாப்பிடலாமா என்றார். வேண்டாம் என்றேன்.

அந்த வாரமே தொழிற்சாலைக்கு மறுபடி எழுதினேன். வவுச்சரில் இருப்பது என் கையெழுத்து அல்ல, நான் எந்த ஹோட்டலிலும் தங்கவில்லை, மற்றவர்களையும் விசாரியுங்கள் என்று நான்கே வரி. நன்றியும் இல்லை, மன்னிப்பும் இல்லை. தகவலுக்கு நன்றி, கவனிக்கிறோம் என்று பதில் வந்தது.

அடுத்த மாதம் பத்திரிகையில் அதே தொழிற்சாலைக்கு ஆள் தேவை என்று விளம்பரம் வந்தது. விண்ணப்பிக்க வேண்டிய முகவரி, கிள்ளானில் அதே மாடி.